மடித்தால் பொருந்தாத கோலம்

அலுவலகத்தில் அவளுக்கு நொட்டைக்காரி என்று பெயர். பிள்ளைகளுக்கான விளையாட்டுகள் செய்யும் கம்பெனியில், வெளியே போகுமுன் ஒவ்வொன்றையும் ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கு அதில் வருத்தமில்லை. நொட்டை சொல்லத்தானே சம்பளம்!

அப்போது கையில் இருந்தது புள்ளிக்கோல விளையாட்டு. திரையில் சதுரமாகப் புள்ளிகள் வரும், கோலத்தில் கால் பங்கு ஏற்கெனவே போட்டிருக்கும். மிச்சத்தைப் பிள்ளைகள் விரலால் இழுத்து முடிக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒத்துவந்தால் பச்சை வெளிச்சம், இல்லாவிட்டால் சிவப்புப் பெருக்கல் குறி.

ஆடிப் பார்க்க ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். முன்பல் விழுந்த ஒரு சிறுமிக்கு வந்தது காற்றாடிக் கோலம். நடுப்புள்ளியிலிருந்து மேலே ஒரு கை போய், நுனியில் வலப்பக்கம் வளைந்திருந்தது. சிறுமி டேப்லெட்டைத் தரையில் வைத்து, கால் சுற்றுத் திருப்பினாள், அதே கையைப் போட்டாள். இன்னும் இரண்டு தடவை திருப்பினாள், போட்டாள். நாலு கையும் ஒரே பக்கமாகச் சுற்றி ஓடின. அத்தனை அழகு.

சிவப்பு!

சிறுமி மறுபடி போட்டாள். மறுபடியும் சிவப்பு. பக்கத்துப் பிள்ளைகள் கெக்கெக்கென்று சிரித்தார்கள். கடைசியில் முகம் சுருங்கிப்போய், நல்ல கோலத்தை அழித்துவிட்டு, விளையாட்டுக்குப் பிடித்த மாதிரி என்னத்தையோ இழுத்தாள். பச்சை எரிந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நொட்டைக்காரி நிரல் எழுதியவனைப் பிடித்தாள்.

"டேய், எப்படிடா சரிபாக்குது இது?"

"மடிச்சுப் பாக்குதுக்கா. நடுக்கோட்டுல மடிச்சா இடதும் வலதும் பொருந்தணும்."

"காற்றாடியை மடிச்சா வளைவெல்லாம் எதிர்ப்பக்கம் போயிடுமே! திருப்பினாதானேடா பொருந்தும்?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் எழுதியவனுக்கு, கோலத்தைச் சுற்றி வருகிற ஞாபகம் எங்கிருந்து வரும்?

மேலாளருக்கு மறுநாள் வெளியிட்டாக வேண்டும். "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். இப்போ பாஸ் போட்டு விடுங்க. ஒரு கோலம்தானே, யாரு கவனிக்கப் போறா?"

"ஒரு குழந்தை கவனிச்சுது சார். தன் கைமேல இருந்த நம்பிக்கையே போய் அழிச்சுது. திருப்பிப் பொருந்தினாலும் பச்சை காட்டணும்."

"அப்ப திருப்பினாலும் சரி, மடிச்சாலும் சரின்னா, கண்டபடி கிறுக்கினாக்கூடப் பச்சை காட்டுமே!"

அவள் பென்சிலை எடுத்தாள். மெல்லிய தாளில் காற்றாடியை நகலெடுத்து, மூலத்தின் மேல் வைத்து, நடுப்புள்ளியில் குண்டூசி குத்தி அவர் கையில் கொடுத்தாள். கால் சுற்று திருப்பினார். கோட்டின்மேல் கோடு அப்படியே உட்கார்ந்தது. பிறகு ஒரு கையை மட்டும் எதிர்ப்பக்கம் வளைத்து வேறொன்று வரைந்து கொடுத்தாள். மடித்தாலும் பொருந்தவில்லை, திருப்பினாலும் பொருந்தவில்லை.

"இதுக்கு மட்டும் சிவப்பு காட்டட்டும் சார்."

"புரியுது. ஆனா தேதி தேதிதான். இல்லேன்னா உங்க பதவி உயர்வைப் பத்தி நான் எதுவும் பேச முடியாது."

"பேசாதீங்க. வேற யாரையாவது வச்சு பாஸ் பட்டனை அழுத்திக்கோங்க. என் பேர்ல இது பாஸ் ஆகாது."

அங்கேயே நின்றிருந்த நிரல் எழுதியவன் மெல்லக் கையைத் தூக்கினான். "சார், நானும் அழுத்த மாட்டேன். ஒரு நாள் குடுங்க, ரெண்டையும் சேர்த்துடறேன்."

மேலாளர் இருவரையும் முறைத்தார். குண்டூசியைப் பிடுங்கி மேசையில் போட்டார். ஆனால் தேதியைத் தள்ளினார். பதவி உயர்வு என்னவோ அடுத்த நாற்காலிக்காரனுக்குத்தான் போனது. போகட்டும், அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான் என்று அவள் துடைத்துப் போட்டுவிட்டாள்.

திருத்திய விளையாட்டோடு மறுபடி அதே பள்ளிக்கூடம், அதே சிறுமி. முதலில் தொடவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டாள். கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைக்க வேண்டியிருந்தது. டேப்லெட்டைத் திருப்பித் திருப்பி நாலு கையும் போட்டாள். திரையில் கோலம் தானே கால் சுற்று சுற்றி, தன்மேல் தானே பொருந்தி, பச்சையாக எரிந்தது.

சிறுமி சிரிக்கவில்லை. இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"இதையேதானே மிஸ் அன்னிக்கும் போட்டேன்?"

"ஆமாம்மா."

"அப்போ தப்பு பண்ணது நான் இல்ல. இதுதானே?"

"இதுதான்."

"அப்ப என்கிட்ட மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க."

நொட்டைக்காரி அங்கேயே, தரையில் உட்கார்ந்தபடியே மடிக்கணினியைத் திறந்து புதுக் குறை ஒன்றைப் பதிந்தாள்: 'சரியானதைத் தப்பு என்று சொல்லிவிட்டால், விளையாட்டு மன்னிப்பு கேட்பதில்லை.' அவசரம் என்ற கட்டத்தில், மிக அவசரம் என்று போட்டாள்.