பங்குனி உத்திரத்துக்கு மறுநாள்

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என் வயதை இரண்டு கூட்டித்தான் சொல்வார்கள். அப்படிச் சொல்லி வைத்தவர் என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவர். அடுத்த தெருவில் இருந்தார். நான் சொல்லப்போகிறது நடந்தபோது எனக்கும் அவருக்கும் பேச்சு நின்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மகளை நான் கட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் காரணம்.

கட்டிக்கொள்ளாததற்கு என் அம்மா சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. "அவ உனக்கு மூணு மாசம் மூத்தவடா. மூத்த பொண்ணைக் கட்டினா நம்ம வீட்ல ஆவாது." அத்தை இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "இஸ்கூல்ல எழுதின வயசைப் போய்ப் பாருங்க. அவன் எம் பொண்ணுக்கு ரெண்டு வருஷம் பெரியவன். பொண்ணை வேணாம்னு சொல்றதுக்கு ஒரு பொய்யி" என்று குழாயடியில் நின்று சொல்வார். பிறகு மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் செய்தார். அந்த வீட்டிலும் பெண்ணுக்கு வயதைக் குறைத்தே சொல்லியிருந்தார்.

அம்மா இறந்துபோன பிறகுதான் அந்த இஸ்கூல் வயது என் கழுத்துக்கு வந்தது.

எழுபதுகளின் நடுவில், அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் ஏவலாள் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நான் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் தினக்கூலிக்கு இரும்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தை ஒன்று, கர்ப்பமாக மனைவி. நேரில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அடுத்த வாரம் காகிதங்களைப் புரட்டிய அதிகாரி முகத்தைச் சுளித்தார்.

"இருபத்தஞ்சு தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கோம். உனக்கு இருபத்தேழு நடக்குது. படிக்கத் தெரியாதா உனக்கு?"

"இல்லீங்க சார், எனக்கு இருபத்தஞ்சே முடியல. வாத்தியார் மாத்தி எழுதிட்டாரு."

"எல்லா வாத்தியாரும்தான் மாத்தி எழுதிட்டாங்க. முனிசிபாலிட்டியிலருந்து பொறந்த சர்ட்டிபிகேட் கொண்டா. அதுவரைக்கும் எடத்தை வெச்சிருக்கேன். ரொம்ப நாள் வெக்க முடியாது."

வாத்தியார் மாற்றி எழுதிய கதை எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு உண்டு. அந்தக் காலத்தில் பிள்ளையின் வயதைக் கேட்க மாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் வயது ஆகிவிட்டது, சேர்த்துக்கொள்ளலாம். எனக்குக் கை நீளம். மூன்று வயது முடிந்த சில மாதத்திலேயே தொட்டுவிட்டேன். வகுப்புக்கு ஆள் போதாமல் இருந்த வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தானே போட்டு ஐந்து வயது ஆக்கிவிட்டார்.

நகராட்சி அலுவலகத்தை எங்கள் பழைய ஆட்கள் இன்றைக்கும் மேரி என்றுதான் சொல்வார்கள், பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர். அங்கே போனேன். என் பிறப்பு அங்கே எழுதப்படவே இல்லை. அந்த ஆட்சியில் பிள்ளை பிறந்த மூன்று நாளுக்குள் போய்ச் சொல்ல வேண்டும். நான் பிறந்ததும் அம்மாவுக்கு ஜன்னி கண்டுவிட்டது. அப்பா அம்மாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாள் தாண்டிவிட்டது. பிறகு போனபோது, இனி கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டும் என்றார்களாம். மில்லில் வேலை செய்கிறவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? விட்டுவிட்டார்.

குமாஸ்தா சொன்னதும் அதேதான். "ஒரு வருஷம் தாண்டிட்டா நாங்களா எழுத முடியாது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் ஆர்டர் போடணும். பதிவு இல்லைன்னு ஒரு காயிதம் தர்றேன், அதை வெச்சு மனு போடு." பிறகு பக்கத்து மேஜைக்காரரிடம் சிரித்தார். "வேலைன்னு வந்தாதான் எல்லாரும் லேட்டா பொறக்கிறானுங்க."

வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். இருக்கிற காகிதமெல்லாம் கொண்டு வரச் சொன்னார். ரேஷன் கார்டில் கணக்கெடுக்க வந்தவர் கண்ணால் பார்த்துப் போட்ட வயது. வாக்காளர் பட்டியலில் இன்னொரு வயது. ஜாதகத்தில் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் என்று சரியாக இருந்தது; ஆனால் பழைய ஓலை செல்லரித்துப்போனதால் அம்மா அதைப் புது நோட்டில் எழுதி வாங்கியிருந்தார்.

"மை காயவே இல்ல போலிருக்கே" என்றார் வக்கீல். "இது நிக்காது. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம்."

டாக்டர் முழங்கை, தோள், இடுப்பெல்லாம் படம் எடுத்தார். பல்லை எண்ணினார். இருபத்துமூன்றுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் என்று எழுதிக் கொடுத்தார். எலும்பு முற்றிவிட்டால் அதற்குமேல் கறாராகச் சொல்ல முடியாதாம்.

"பொறந்தப்ப கூட இருந்தவங்க யாராவது உசிரோட இருக்காங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

அப்பா இல்லை, அம்மா இல்லை, மருத்துவச்சி இல்லை. அத்தை மட்டும்தான். அம்மா ஜன்னியில் கிடந்தபோது தன் பிள்ளையோடு சேர்த்து எனக்கும் பால் கொடுத்தவர் அவர். மாமா பிரெஞ்சு போலீசில் சிப்பாயாக இருந்தவர், மகளின் பிறப்பை உடனே மேரியில் எழுதியிருந்தார். வக்கீல் மேஜையைத் தட்டினார். "பணம் கட்டினா அந்தப் பதிவோட நகல் தருவாங்க, எடுத்துடறேன். அந்தப் பொண்ணு பொறந்து எத்தனையாவது மாசம் நீ பொறந்தேன்னு அந்தம்மா சொன்னா போதும்."

என் மனைவி போகாதே என்றாள். "அது வாயில விழுந்து எந்திரிக்க முடியாது." முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போனேன்.

அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னாடா, வழி தவறி வந்துட்டியா?"

"அத்தே, கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லணும்."

கேட்டு முடிக்கும்வரை புடைத்தார். முடித்ததும் முறத்தைக் கீழே போட்டார்.

"எம் பொண்ணு மூத்தவன்னு நான் கூண்டுல ஏறிச் சொல்லணுமா? அப்ப உங்கம்மா சொன்னது நெசம், நான் சொன்னது பொய்யி. ஊரு சிரிக்கணும். அவ மாமியா வீட்ல இன்னா வயசு சொல்லிக் குடுத்திருக்கேன்னு தெரியுமாடா உனக்கு?"

"எனக்கு வேற வழி இல்ல அத்தே. வேலை போயிடும்."

"போவட்டுமே. எம் பொண்ணை வேணாம்னு சொன்ன வாய்க்கு மண்ணு அள்ளிப் போடு."

வக்கீல் கோர்ட்டில் சாட்சிப் படி கட்டி அத்தைக்குச் சம்மன் அனுப்பினார். அதை வாங்கிய அன்றைக்கு அத்தை எங்கள் வாசலில் வந்து நின்று மண்ணை அள்ளித் தூற்றினார். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் விளக்கேற்றினாள். பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். அன்று சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தபோது நல்ல வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

விசாரணைக்கு அத்தை மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். நகராட்சிக்காக அரசு வக்கீல் நின்றார். பள்ளிக்கூடச் சான்றிதழைத் தூக்கிக் காட்டி, வேலைக்காக வயதைக் குறைக்க வந்திருக்கிறான், ஜாதகம் நேற்று எழுதியது என்றார். என் எதிர்ப்பேச்சு எதுவும் எடுபடவில்லை. காது தொட்ட கதையைச் சொன்னபோது வாக்குமூலம் எழுதுகிறவர்கூடச் சிரித்தார்.

அத்தை கூண்டில் ஏறி சத்தியம் செய்தார். எங்கள் வக்கீல் கேட்டார்.

"இவரு எப்போ பொறந்தாருன்னு தெரியுமா?"

"ஞாபகம் இல்ல."

"உங்க பொண்ணுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி. ரொம்ப முந்தி."

நாங்கள் கூப்பிட்ட சாட்சியே எங்களைக் கவிழ்த்துவிட்டது. வக்கீல் விடாமல், இவருக்குப் பால் கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுத்திருப்பேன், யாருக்கு ஞாபகம் என்றார் அத்தை.

அரசு வக்கீலுக்குச் சந்தோஷம். அத்தோடு அவர் உட்கார்ந்திருந்தால் நான் அன்றைக்கே பட்டறைக்குத் திரும்பியிருப்பேன். அவர் எழுந்து, அத்தைக்குச் சாதகமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்தாம்மா, பயப்படாதீங்க. நீங்க பாலே குடுக்கல. அவங்களா ஜோடிச்ச கதை அது. அப்படித்தானே?"

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு குடுக்கல?"

"நீங்கதான். அந்தப் புள்ளையை நீங்க பார்த்துக்கவே இல்ல."

"பார்த்துக்கலையா? எந்தம்பி புள்ளையை நான் பார்த்துக்கலைன்னு உனக்கு எவன்யா சொன்னான்? பங்குனி உத்திரத்துக்குக் காவடி பார்த்துட்டு வந்து படுத்தேன், மறுநாள் பொழுது விடிய இது பொறந்துச்சு. தாய்க்காரி நெனைவில்லாம கெடக்கறா. தொப்புள்கொடிகூட விழல, கிழிஞ்ச வேட்டியில சுத்தி எந்தம்பி கொண்டாந்து மடியில போட்டான். உறிஞ்சக்கூட சத்தில்ல இதுக்கு. பஞ்சுல நனைச்சு நனைச்சு வுட்டேன். எம் பொண்ணு பசியில கத்தறா, அவளைத் தரையில போட்டுட்டு இதைத் தூக்கி வெச்சேன். நான் குடுக்கலைன்னு சொல்றியே, நீ பார்த்தியா?"

மாஜிஸ்திரேட் பேனாவைக் கையில் எடுத்தார்.

"அப்போ உங்க பொண்ணுக்கு எத்தனையாவது மாசம்மா?"

அத்தையின் கை கூண்டுக் கட்டையைப் பிடித்தது. வாசலில் மருமகன் நின்றிருந்தார். அத்தை அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

"மூணாம் மாசம். தலை நிக்காத புள்ள."

மாஜிஸ்திரேட் மகளின் பிறப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு மாதத்தைக் கணக்குப் பார்த்தார். அத்தை சொன்ன உத்திரமும் என் ஜாதகத்து நாளும் ஒன்றாக வந்தன. வருஷமும் உறுதியாகிவிட்டது. சில நாளில், அந்தத் தேதியில் என் பிறப்பைப் பதிவு செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. தாமதக் கட்டணம் கட்டினேன். முன்பு சிரித்த அதே குமாஸ்தா முத்திரை குத்திக் கொடுத்தார். அதிகாரி காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சரி, வந்து சேரு" என்றார்.

வேலையில் சேர்ந்த வெள்ளிக்கிழமை ஒரு தட்டில் பூவும் பழமும் புடவையும் வைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். மனைவியும் வந்தாள். அத்தையின் மகள் அங்கே இருந்தாள். கோர்ட்டுக்கு மறுநாளே மாமியார் அவளைப் பெட்டியோடு அனுப்பிவிட்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தை தட்டைத் தொடவில்லை.

"உனக்கு ரெண்டு வயசு கொறைஞ்சுது. எம் பொண்ணுக்கு ஏறிடுச்சு. எடுத்துக்கினு போ."

"அத்தே, உங்க பாலாலதான்…"

"அதுதாண்டா என் வவுறு எரியுது. அன்னிக்குப் பஞ்சைக் கீழ போட்டிருந்தா இன்னிக்கு எம் பொண்ணு அவ வூட்ல இருப்பா."

தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினோம். அந்தப் பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மனசு வரவில்லை, கோயிலில் வைத்துவிட்டு வந்தோம். அத்தை மகளை மாமியார் வீட்டார் பிறகு பஞ்சாயத்து பேசித் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், நல்லபடியாகத்தான் இருக்கிறாள். அத்தை மட்டும் சாகும்வரை என்னோடு பேசவில்லை. ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் விரதம் இருக்கிறேன். மறுநாள் காலையில் பால் வாங்கிச் சாமிக்கு வைக்கும்போது யார் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வது என்று எனக்குள் ஒரு தடுமாற்றம் வரும். பிறகு அத்தை பெயரைத்தான் சொல்வேன்.