போர்டில் எழுதிப் போட்ட வரி

அன்புமொழியின் வேலை ஆர்டரில் கம்ப்யூட்டர் ஆசிரியை என்றுதான் போட்டிருந்தது. அரிமளத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான், கரண்டில் ஓடுகிற எதுவாக இருந்தாலும் அது தன் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. பிரின்டர் மக்கர் பண்ணினாலும் அவள்தான், பிள்ளைகளின் விவரத்தை ஆன்லைனில் ஏற்றுவதும் அவள்தான், ஆண்டுவிழாவில் மைக் கத்தினாலும் எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவளுடைய அப்பா மேடைப் பேச்சு கேட்டுக் கேட்டு மயங்கி வைத்த பெயர் அன்புமொழி. சாயங்காலம் புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தால், அன்பாக என்ன, எந்த மொழியிலும் ஒரு வார்த்தை பேச அவளுக்குத் தெம்பிருக்காது. வீட்டுக்காரர் செல்லமுத்துவும் பொன்னமராவதியில் வேலை முடித்து அவளைப் போலவே அலுத்து வருவார். இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து, டிவியைப் பார்க்காமல் தூங்குவார்கள்.

அப்படிப்பட்டவளிடம்தான் ஏஐயும் வந்து சேர்ந்தது. பதினொன்றாம் வகுப்புக் கட்டுரைகள் பல ஒரே வரியில் ஆரம்பிக்கின்றன என்று புகார் வந்ததும் தலைமையாசிரியர் நல்லதம்பி அவளைக் கூப்பிட்டு விட்டார்.

"டீச்சர், இந்த ஏஐக்கு ஒரு சட்டம் எழுதிருங்க. ஒரே பக்கம். பெத்தவங்க படிச்சாலும் வெளங்கணும்."

ஞாயிற்றுக்கிழமை குக்கர் விசில் எண்ணிக்கொண்டே எழுதினாள். உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் எழுதினாள். பாடம் புரியாவிட்டால் ஏஐயிடம் விளக்கம் கேட்கலாம். பயிற்சிக் கேள்வி தரச் சொல்லலாம். நீயே எழுதியதில் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லலாம். அது சொன்னதைப் பாடப்புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள். அதுவும் தப்புச் சொல்லும். முழுக் கட்டுரையையோ அதன் ஒரு பகுதியையோ எழுதி வாங்கி உன் பெயரைப் போட்டுத் தரக்கூடாது. செய்யாத சோதனைக்கு அளவுகள் கேட்டு வாங்கக்கூடாது. அடுத்தவர் பெயர், படம், போன் நம்பரை அதில் போடக்கூடாது. பயன்படுத்தினால் எதற்கு என்று கடைசிப் பக்கத்தில் எழுது. எல்லை தாண்டியிருந்தாலும் நீயாகச் சொன்னால் மதிப்பெண் குறையாது. அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் ஆசிரியர் பிள்ளையிடம் பேசிப் பார்த்த பிறகுதான் முடிவு. கண்டுபிடிக்கும் மென்பொருள் சொல்வதை மட்டும் நம்பக்கூடாது.

நல்லதம்பி சார் இரண்டு தடவை படித்துவிட்டுப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அதோடு ஒரு தலைவலி தீர்ந்தது என்று அவள் நினைத்தாள், பாவம்.

ப்ராஜெக்ட் வாங்கும் நாள் வந்தது. விலங்கியல் ஆசிரியர் இடம் காலியாகவே கிடந்ததால், அந்த ப்ராஜெக்டும் வகுப்பாசிரியையான அவளிடமே வந்தது. கடைசிப் பீரியட். தொண்டை கட்டியிருந்தது.

"கடைசிப் பக்கத்துல என்ன மிஸ் எழுதணும்?" என்று யாரோ கேட்டார்கள்.

விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல், ஒரு மாதிரிக்காகப் போர்டில் எழுதினாள்: 'ஏஐ செயலி முன்னுரையை எழுதித் தந்தது. நான் படித்துத் திருத்தினேன்.' வேண்டுமென்றேதான் அந்த உதாரணத்தை எடுத்தாள். எல்லை தாண்டியவர்களும் பயப்படாமல் சொல்லட்டும் என்ற நல்லெண்ணம். இது மாதிரிதான், அவரவர் செய்ததை எழுதுங்கள் என்றும் சொன்னாள். கட்டின தொண்டையில் சொன்னது முன் பெஞ்சைத் தாண்டியதோ என்னவோ. அதற்குள் பெல் அடித்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் நல்லதம்பி சார் அறையில் அவள் வகுப்பு ரிஃபானாவின் ப்ராஜெக்ட் மேசைமேல் கிடந்தது. புதுக்கோட்டையில் நடக்கும் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் பள்ளியிலிருந்து ஒன்று போகலாம். அன்று சாயங்காலத்துக்குள் பெயரை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். வகுப்பிலேயே ரிஃபானா மட்டும்தான் தன் தெருவில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் நிற்கும் இடங்களில் கொசுப்புழு எண்ணியிருந்தாள். இதைத்தான் அனுப்ப வேண்டும் என்று அன்புமொழி சொல்லி வைத்திருந்தாள்.

"டீச்சர், இங்கிட்டு வாங்க. கடைசிப் பக்கத்தப் பாருங்க. முன்னுரைய ஏஐ எழுதிக் குடுத்துச்சுன்னு பிள்ளையே ஒத்துக்கிருச்சு. நாம போட்ட சட்டத்த நாமளே மீறி இத எப்புடிங்க அனுப்புறது? வேற வகுப்புலேருந்து ஒண்ண அனுப்பிருவோம்."

அன்புமொழி ப்ராஜெக்டைக் கையில் எடுத்தாள். முன்னுரையைத் திருப்பினாள். 'எங்கள் தெருவில் கொசு அதிகம். அதனால் எண்ணினேன்.' முன்னுரை அவ்வளவுதான். இதை எழுத ஏஐ எதற்கு? பக்கத்திலிருந்த ப்ராஜெக்ட் கட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கடைசிப் பக்கம் பார்த்தாள். அதே வரி. அடுத்தது, அதே வரி. வகுப்பு முழுக்க ஈயடிச்சான் காப்பி. ஒருவன் அவள் கைதவறிப் போட்ட கோணல் கோட்டைக்கூட விடாமல் போட்டிருந்தான்.

தன் மேலேயே எரிச்சல் வந்தது. போர்டில் இருப்பதை அப்படியே எழுது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து அடித்துச் சொல்லிக் கொடுத்ததும் இதே பள்ளிக்கூடம்தானே!

"சார், தப்பு எம்மேலதான். மாதிரிக்குன்னு நாந்தான் போர்டுல எழுதிப் போட்டேன். எல்லாம் அதப் பாத்து எழுதிருக்குக."

"அதுக்கு? எது நெசம், எது பொய்யின்னு எப்புடிக் கண்டுபிடிக்கிறது? அதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் இருக்காம்ல, அதுல போட்டுப் பாப்போமா?"

"அத மட்டும் நம்பக்கூடாது, பிள்ளைட்டப் பேசணும்னு எழுதிருக்கோம் சார். நீங்க கையெழுத்துப் போட்டது."

நல்லதம்பி சார் நெற்றியைத் தேய்த்துவிட்டு ரிஃபானாவை வரச் சொன்னார். அவள் வந்து கதவோரம் நின்றாள்.

"எதுலம்மா புழு நெறைய இருந்துச்சு?"

"ஆட்டுக்கல்லுல சார். இப்ப யாரும் ஆட்டுறதில்ல, கொல்லையில கெடக்கு. மழைத்தண்ணி குழியிலயே நிக்கிது. துணி கட்டி வச்ச டிரம்ல இல்ல. துணி கிழிஞ்ச டிரம்ல இருந்துச்சு." கொஞ்சம் தயங்கினாள். "தெருவுலயே எங்க வீட்லதான் சார் ரொம்ப. அம்மா அத எழுதாதங்கிறாங்க. ஆனா எண்ணிட்டேன்ல, அதான் எழுதிட்டேன்."

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"ஏஐட்ட என்ன கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல சார்."

"பின்ன ஏன் அப்புடி எழுதுன?"

ரிஃபானா அன்புமொழியைப் பார்த்தாள். மாட்டிவிடுகிறோமோ என்ற பயம் அந்தக் கண்ணில் இருந்தது.

"போர்டுல இருந்துச்சு சார்."

அன்புமொழிக்கு அந்த நிமிடம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செய்யாத குற்றத்தை இந்தப் பெண் அழகான கையெழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டிருக்காவிட்டால் கண்காட்சி வாய்ப்பும் அதோடு போயிருக்கும்.

"பேர ஏத்திருங்க டீச்சர்," என்றார் நல்லதம்பி சார். "கடைசிப் பக்கத்த அந்தப் பிள்ளையவே மாத்தி எழுதச் சொல்லுங்க. மத்த பிள்ளைகள்ட்டயும் ஒவ்வொண்ணாப் பேசிருங்க."

ஒவ்வொன்றாக! சரிங்க சார் என்று சொல்வதைத் தவிர அவள் வேலையில் வேறு என்ன கற்றிருக்கிறாள். எப்படியும் இன்னொரு வாரம் அவளுக்கு மத்தியானச் சோறு ஆறித்தான் போகும்.

பெயரை ஏற்றிவிட்டு வகுப்புக்குப் போய் ப்ராஜெக்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள். போர்டை ஓரம் வரை அழித்தாள். சாக்பீஸையே தொடாமல், வாயாலேயே நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "யாரும் யாரையும் பாத்து எழுதாதீங்க. நீங்க என்ன செஞ்சீங்களோ, அத உங்க வார்த்தையில எழுதுங்க."

வகுப்பு பேனாவைப் பிடித்தபடி வெறும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தது. ரிஃபானா எழுந்தாள்.

"மிஸ், ஏஐட்ட ஒண்ணுமே கேக்கலன்னா என்ன எழுதணும்?"

அன்புமொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் கடுத்தது.

"நீயே சொல்லு. என்ன செஞ்ச?"

ரிஃபானா யோசித்தாள். "நானே எண்ணினேன்னு எழுதட்டா மிஸ்?"

"எழுது."

ரிஃபானா உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். வகுப்பு முழுவதும் குனிந்து, நானே எண்ணினேன் என்று எழுதியது.