பெட்டி உத்திரத்தின் ஆணித் தலைகள்

பிப்ரவரி 12, 2025, புதன்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன், செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன், பேனாவுக்கு மை நிரப்பினேன். முந்தின நாள் குறிப்பில் ஒரு எழுத்துப் பிழை இருந்ததைத் திருத்தினேன். ஏழரைக்குத் திருப்பதியை விட்டுக் கிளம்பி, ரேணிகுண்டா வழியாகப் புத்தூருக்குக் காரை ஓட்டினேன். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியிருந்த திருமண மண்டபத்தில், நான் கணக்குப் போட்டுக் கொடுத்த மர மாடத்தைப் பார்த்துச் சான்று தர வேண்டியிருந்தது. கட்டமைப்புப் பொறியாளராக இருபத்தாறு வருடமாக இதே வேலைதான்.

மாடம் மேளக்காரர்களுக்காக. தரையிலிருந்து பத்தடி உயரம். அதை இரண்டு பெட்டி உத்திரங்கள் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர் நீளம். இரண்டு பக்கப்பலகைகளை நிறுத்தி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பலகை வைத்து ஆணியடித்து, உள்ளே கூடாக விட்ட உத்திரம். பாரம் ஏறி உத்திரம் வளையும்போது கீழ்ப்பலகை பக்கப்பலகையோடு ஒட்டி நிற்காமல் சறுக்கப் பார்க்கும். மேல்பலகையும் அப்படித்தான். அந்தச் சறுக்கலைத் தடுப்பவை ஆணிகள் மட்டுமே. தடுத்தால் நான்கு பலகையும் ஒரே உத்திரம். தடுக்காவிட்டால் சேர்த்து வைத்த தனித்தனி நான்கு பலகை, அவ்வளவுதான்.

சறுக்கப் பார்க்கும் விசை, தாங்கும் முனைகளில் அதிகம், நடுவில் கிட்டத்தட்ட இல்லை. என் கணக்கில் முனையில் வெட்டுவிசை, அதாவது உத்திரத்தைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை, பதினான்கு கிலோநியூட்டன். அதிலிருந்து, ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு முப்பத்தெட்டு நியூட்டன் வீதம் பலகை நழுவப் பார்க்கிறது. இதைத்தான் நாங்கள் ஷியர் ஃப்ளோ என்போம். ஒரு நாலு அங்குல ஆணி அந்த மரத்தில் ஆயிரம் நியூட்டன் தாங்கும். இரண்டு பக்கப்பலகைக்கும் ஒவ்வொரு வரிசை, ஆகவே ஜோடிக்கு இரண்டாயிரம். முப்பத்தெட்டால் வகுத்தால் ஐம்பத்திரண்டு. முனையில் ஐம்பது மில்லிமீட்டருக்கு ஒரு ஆணி, கால்வாசித் தூரத்தில் நூறு, நடுவில் நூற்றைம்பது என்று வரைபடத்தில் போட்டிருந்தேன்.

மண்டப முதலாளி வாசலிலேயே நின்றார். அறுபதைத் தாண்டியவர், கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி.

"வாங்கம்மா. பார்த்துட்டு ஒரு கையெழுத்து. வெள்ளிக்கிழமை மண்டபத்துல மொதக் கல்யாணம், தெரியும்ல."

மாடத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஆணித் தலைகள் ஒழுங்காக இருந்தன. முனையில் நெருக்கம், நடுவில் அகலம். ஏணியில் ஏறி ஸ்கேலை வைத்து அளந்தேன், ஐம்பது ஐம்பதாகவே இருந்தது. தூணை ஒட்டிய இடத்தில், கீழ்ப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூட்டின் குறுக்கே பென்சிலால் ஒரு நேர்கோடு இழுத்தேன். எந்த வேலையிலும் நான் இப்படிச் செய்வதுண்டு.

பத்து மணிக்குக் கல்யாணப் பெண்ணின் அப்பா வந்தார். நகரியில் துணிக்கடை வைத்திருப்பவர். பூ அலங்காரத்துக்கு இடம் பார்க்க வந்தவர், மாடத்தைக் காட்டிச் சிரித்தார்.

"பன்னண்டு பேரு மேளசெட்டும்மா. மேல உட்காந்துக்கினு வாசிச்சா வீடியோவுல எப்படி இருக்கும்! நாலு தவுலு."

அதற்குள் மண்டபத்து ஆட்கள் சாப்பாட்டு மேசைகளையும் நாற்காலிகளையும் மாடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே தரை துடைக்கவேண்டுமாம். நான் தடுக்கவில்லை. எவ்வளவு ஏறுகிறது என்று எழுதிக்கொண்டேன். கணக்கில் எடுத்த பாரத்தில் பாதிகூட இல்லை.

மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏணி போட்டு ஏறினேன். பென்சில் கோடு உடைந்திருந்தது. போனில் படம் எடுத்தேன். கீழ்ப்பலகையில் இருந்த பாதி, மாடத்தின் நடுப்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. ஐம்பது மில்லிமீட்டருக்கு ஒன்று வீதம் ஆணி பிடித்திருந்தால் இது நடக்கவே முடியாது.

நகத்தால் ஒரு ஆணித் தலையை நெம்பினேன். வந்துவிட்டது. அதற்குக் கால் இல்லை. அரை அங்குலத்துக்கு வெட்டிய துண்டு, மரத்தூளும் பசையும் கலந்த மக்குப் பூச்சில் செருகியிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். மக்குப் பூச்சு பச்சையாக நாறியது.   

மர ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டேன். நாற்பது வயது இருக்கும், பாக்கு மென்றுகொண்டே வந்தார்.

"இதுல நிஜ ஆணி எத்தனை?"

"இருக்குது மேடம். ஒரு ஜாணுக்கு ஒண்ணு போட்டுக்கினேதானே வந்தோம்."

"நான் ஐம்பது மில்லிமீட்டருக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தேன்."

"போட்டா பலகை பொளக்குது மேடம். நாலு பலகை போச்சு. சால் மரம், கல்லு மாதிரி."

"முதல்ல சின்னதா துளை போட்டு அப்புறம் அடிக்கணும்னு வரைபடத்துலயே எழுதியிருக்கேன்."

அவர் எச்சிலை ஜன்னலுக்கு வெளியே துப்பினார். சுவரின் புது வெள்ளையில் சிவப்பாக ஒழுகியது.

"துளை போட்டுக்கினு இருந்தா ஒரு வாரம் ஆவும். நீங்க கீழருந்து பார்க்குற எடத்துல தலை இருந்தா போதாதா? டிசைனு அப்படியே வந்துடுச்சு பாருங்க. எவன் நோண்டிப் பார்க்கப் போறான்?"

பெருமையாகச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஆணியை அடிக்கும் நேரத்தில், ஆணியை வெட்டி, மக்குப் பூசி, அளந்து அளந்து ஒட்டியிருக்கிறார்கள். ஏமாற்றுவதில் அத்தனை துல்லியம். மேல்பலகையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தளப் பலகை மூடிவிட்ட இடம், யாரும் பார்க்க முடியாத இடம்.

"அங்க தலையே தேவை இல்லையே மேடம்," என்றார்.

முதலாளியிடம் சொன்னேன். ஆணி பிடிக்காததால் பக்கப்பலகைகள் மட்டுமே சுமக்கின்றன, முழுப் பாரத்தில் அவற்றின் மேல் மூன்று மடங்கு அழுத்தம் வரும், சால் மரத்துக்கு அனுமதித்த அளவைத் தாண்டிவிடும். மேசைகளை உடனே இறக்கி, முட்டுக் கொடுத்து உத்திரத்தை நிமிர்த்தி, தளத்தைப் பிரித்து, துளைபோட்டு ஆணியடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

அவர் சிரித்தார். "பன்னண்டு பேருதானேம்மா. பெரிய யானையா ஏறப்போவுது? பர்வாலேது. ஒரு நாள் தாங்கும்."

"மேளம் அடிக்கும்போது எல்லாரும் சேர்ந்து அசைவாங்க. ஒரு நாள்ன்னு மரத்துக்குத் தெரியாது."

"நீங்க கையெழுத்து போடலைன்னா வேற ஆளு போடுவாங்கம்மா. சித்தூர்ல நமக்குத் தெரிஞ்சவரு இருக்காரு." குரலில் கோபம்கூட இல்லை. தேங்காய் விலை சொல்வதுபோல.

மேசைகளை இறக்கும்வரை நான் அங்கேயே நின்றேன். அவர் கொண்டுவரச் சொன்ன காப்பி கையில் ஆறிக்கொண்டிருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

மாலை ஆறு மணிக்கு முதலாளி போன் செய்தார்.

"சித்தூர் சார் போட்டோ பார்த்தே கையெழுத்து போட்டுட்டாரு. நீங்க சிரமப்பட வேணாம்மா."

போட்டோவில் ஐம்பது ஐம்பதாகத் தலைகள் தெரியும். அதை எண்ணிப்பார்த்து அந்த மனிதர் கையெழுத்துப் போட்டிருப்பார். இரவு சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தேன். பாதுகாப்பில்லை என்று இரண்டு பக்கம் எழுதி முதலாளிக்கும் நகராட்சிக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக, பால்கூடக் காய்ச்சாமல், நகரிக்குப் போனேன். துணிக்கடை ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. பெண்ணின் அப்பா குனிந்து வெளியே வந்தார். மாடத்தில் ஒருவரைக்கூட ஏற்றாதீர்கள், மேளக்காரர்களைத் தரையிலேயே உட்காரவையுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். பென்சில் கோடு உடைந்த படத்தைக் காட்டி, ஆணி பிடிக்காமல் பலகை நழுவியதைச் சொன்னேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நாதஸ்வரக்காரரை அழைத்தார்.