பாண்ட் எந்தத் தேதியிலிருந்து?

அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. கோபம் தணிந்த மலை என்று எங்கள் ஊருக்குப் பேர். அது முருகனுடைய கோபம். என்னுடையதை யாரும் கேட்கவில்லை.

அம்பத்தூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இன்டெர்னாக இருந்தேன். திருத்தணியிலிருந்து தினம் ரயிலில் போய் வருவேன். அங்கே எனக்கு மேனேஜராக வாய்த்தவர் ரயிலில் வருகிறவர்களை இரண்டாம் தரமாகத்தான் பார்ப்பார். ஒரு வாடிக்கையாளர் கம்பெனிக்கு பில்லிங் புரோகிராம் செய்துகொண்டிருந்தோம். வரி கணக்கிடும் பகுதி முழுக்க நான் எழுதியது. வாடிக்கையாளரோடு ஆன்லைனில் பேசும்போது, "இத நான்தான் டெவலப் பண்ணேன்" என்று கூசாமல் சொன்னார். எதிர்ப்பக்கம் ஒரு கேள்வி வந்தது. தப்பாகப் பதில் சொன்னார். நான் மைக்கை ஆன் செய்து சரியான பதிலைச் சொன்னேன். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே அவருக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிடும். ஆகட்டுமே!

இன்டெர்ன்ஷிப் முடியப்போகும் சமயத்தில் எல்லோருக்கும் வேலைக்கான ஆஃபர் லெட்டர் வந்தது. ஒரு வாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் லெட்டரை ஒருவர் பார்க்கக் கூடாது என்றார் ஹெச்.ஆர். அம்மா. வருடத்துக்கு நான்கு லட்சத்து இருபதாயிரம் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. நைனாவுக்கு அது போதும். மலைக்கு ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். நான் இரண்டாவது பக்கத்தைப் புரட்டுவதற்குள் லெட்டரை வாங்கிக்கொண்டு போய், குருக்களிடம் கொடுத்து, சாமி காலடியில் வைத்து, குங்குமத்தோடு திரும்பக் கொண்டுவந்தார். ஸ்டாண்டில் எல்லோருக்கும் லட்டு வேறு. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். புது வண்டி சாவியாக இருந்தாலும், கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் முதலில் மலைக்குப் போகும். ஆனால் படித்துப் பார்க்காத லெட்டரைக் கொண்டுபோய் வைத்தது எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

என்னோடு அதே ரயிலில் வரும் தோழி அம்மையார்குப்பத்துக்காரி. வீட்டில் தறி ஓடுகிறது. அவளும் அதே கம்பெனியில் இன்டெர்ன். நான் எழுதியதைச் சோதித்துப் பார்த்தவள். பார்க்கக் கூடாதென்று சொன்னதால் இரண்டு நாள் ஒழுங்குப் பிள்ளைகளாக இருந்தோம். மூன்றாம் நாள் அரக்கோணம் தாண்டியதும் நானே கேட்டேன்.

"உன்னுத காட்டுடி."

"காட்டக்கூடாதுன்னு சொன்னாங்களே?"

"அதனாலதான் கேக்கறேன்."

மடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான். அவளுக்குத் தகுதிகாண் காலம் ஆறு மாதம். எனக்கு ஒரு வருடம், கம்பெனி நினைத்தால் இன்னும் ஆறு மாதம் நீட்டலாம். சரி, அதனால் என்ன என்று பார்த்தால், இரண்டு வருடம் வேலையை விட மாட்டேன் என்ற பாண்ட் எப்போது தொடங்கும் என்பது கீழே இருந்தது. சேரும் நாளிலிருந்து இல்லை. வேலை நிரந்தரமான தேதியிலிருந்து. ஆக என்னுடைய இரண்டு வருடம் உண்மையில் மூன்று, மூன்றரை. நடுவில் விட்டால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். அதுவரை டிகிரி சான்றிதழின் ஒரிஜினல் அவர்களிடம் இருக்கும்.

"இன்னாடி இது, உனக்கு மட்டும் இவ்ளோ?" என்றாள் அவள்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது யார் வேலை இது என்று.

சம்பளத்தையும் பிரித்துப் பார்த்தேன். அந்த நான்கு லட்சத்து இருபதில் பாண்ட் முடிந்தால் மட்டும் தரும் அறுபதாயிரம் இருந்தது. மேனேஜர் மனசு வைத்தால் வரும் ஊக்கத்தொகை இருந்தது. கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப்., இன்ஷூரன்ஸ், கிராஜுவிட்டி எல்லாம் என் சம்பளமாகவே எழுதப்பட்டிருந்தன. என் பங்கு பி.எஃப். தொகையும் போனால் மாதம் கைக்கு வருவது இருபத்தோராயிரத்துச் சொச்சம். என்னிடம் இன்னொரு ஆஃபரும் இருந்தது. கிண்டியில் சின்னக் கம்பெனி. முதல் பக்கத்தில் மூன்று லட்சத்து முப்பதுதான். ஆனால் கைக்கு இருபத்துமூன்று ஆயிரம். மூன்று மாதம் தகுதிகாண் காலம், பாண்ட் இல்லை. லட்டு கொடுத்ததெல்லாம் பெரிய எண்ணுக்கு!

வீட்டில் சொன்னேன். நைனா எகிறினார். "சாமி கால்ல வெச்சத வேணாம்னு சொல்வியா நீ?"

"சாமியா கையெழுத்து போடப்போறாரு? நான்தானே நைனா போடணும்? சர்ட்டிபிகேட்ட வேற அவங்களே வெச்சிக்குவாங்களாம்."

சர்ட்டிபிகேட் என்றதும் லெட்டரை வாங்கி அந்த இடத்தைப் பார்த்தார். ஆட்டோவைத் தவணையில் எடுத்தபோது ஃபைனான்ஸ்காரன் ஆர்.சி. புக்கைப் பிடித்து வைத்திருந்தான். அது இல்லாமல் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். "நானாவது அவன்கிட்ட கடன் வாங்கினேன். நீ இன்னா வாங்கின அவங்ககிட்ட?" என்றார். பிறகு, "முருகன்கிட்ட நான் பேசிக்கறேன், போ" என்றார்.

கிண்டிக்கு அன்றைக்கே சரி என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என்னைக் கட்டிப்போட நினைத்தவர் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அம்பத்தூரில் ஹெச்.ஆர். அம்மா முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு ஏன் ஒரு வருடம் என்று கேட்டேன். மதிப்பீட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினார். 'பில்லிங் பணியில் உதவினார், இன்னும் மேற்பார்வை தேவை' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே மேனேஜர் கையெழுத்து.

"உதவினேனா? அவரையே கூப்பிடுங்க மேடம். வரி எப்படிக் கணக்காகுதுன்னு அவரே சொல்லட்டும். நான் உதவறேன்."

வந்தார். முதலில் சிரித்தார். "ப்ரொபேஷன்லாம் சும்மா ஃபார்மாலிட்டிம்மா." ஃபார்மாலிட்டி என்றால் எடுத்துவிடுங்கள் என்றேன். வரிக் கணக்கைக் கேட்டதற்கு மழுப்பினார். அடுத்த மாதம் வாடிக்கையாளருக்கு ஒப்படைக்க வேண்டும், நான் இல்லாவிட்டால் அந்தப் பகுதியைத் தொட ஆளில்லை என்பது அறையில் மூன்று பேருக்கும் தெரியும். ஹெச்.ஆர். அம்மா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பா! அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, மாட்யூல் இந்தப் பொண்ணு பண்ணதுதான்" என்றார். அதை எழுத்தில் கேட்டேன். பாண்ட் சேரும் நாளிலிருந்து என்று மாற்றக் கேட்டேன். ஒரிஜினல் சான்றிதழ் தர மாட்டேன் என்றேன்.

இரண்டு நாளில் திருத்திய மதிப்பீடும் இன்டெர்ன்ஷிப் சான்றிதழும் வந்தன. பில்லிங் வரிப் பகுதியைத் தனியாக உருவாக்கியவர் என்று, அதே கையெழுத்தோடு. புது ஆஃபரில் தகுதிகாண் காலம் ஆறு மாதம், பாண்ட் சேரும் தேதியிலிருந்து. டிகிரி சான்றிதழ் விஷயத்தில் மட்டும் கம்பெனி இறங்கவில்லை. இறங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தோழி கேட்டாள். அப்போதும் போயிருக்க மாட்டேன். ஆறு மாதம் கழித்து என்னை நிரந்தரமாக்கும் பேனா அவர் கையில்தானே இருக்கும்?

என் லெட்டரில் பென்சிலால் கோடு போட்டு, கேட்க வேண்டிய கேள்விகளை ஓரத்தில் எழுதி, தோழியிடம் கொடுத்தேன். அவள் அதே கேள்விகளை மற்ற இன்டெர்ன்களுக்கும் அனுப்பினாள். நான் கிண்டிக்குக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அம்பத்தூருக்கு, ஆஃபரை ஏற்க இயலவில்லை, நன்றி என்று இரண்டு வரி.

அன்று சாயங்காலமே மேனேஜர் போன் செய்தார். குரலில் அதிகாரம் இல்லை.

"எல்லாம் மாத்திக் குடுத்தோமேம்மா. இப்டி பண்ணலாமா?"

"கையெழுத்து போடறேன்னு நான் சொல்லவே இல்ல சார்."

"அடுத்த மாசம் டெலிவரி. கிளையன்ட் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"யாரு எழுதினாங்கன்னு சொல்லுங்க சார். அதான் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டீங்களே."

"அது வந்தும்மா... வந்து..." என்று இழுத்தார். நான் போனை வைக்கவில்லை. அவராக வைக்கும்வரை காதிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.