நூற்று ஐம்பத்தெட்டு என்று நான் சொன்னது

கடலூரில் பதினேழு வருடமாக ரவிக்கை தைக்கிறேன். அளவில் இதுவரை எவளும் என்னைக் குறை சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான். போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் மகள் என்னிடம்தான் வந்தாள். எங்கள் பிரிவுப் பெண்களுக்கு நூற்று ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் வேண்டும். அரை சென்டிமீட்டர் குறைந்தால்கூட உடல்தகுதி பார்க்கிற மைதானத்திலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவள் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பகல் முழுக்கக் கடையில் நின்று, பஸ்ஸிலும் நின்றபடியே வந்து, செருப்பைக் கழற்றியதும் சுவரோடு போய் நின்றாள். தலையில் ஒரு மர ஸ்கேலை வைத்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். தையல் டேப்பில் நூற்று ஐம்பதோடு எண் முடிந்துவிடும். அங்கே ஒரு கோடு போட்டு, மிச்சத்தைத் தனியாக அளந்து கூட்டினேன். நூற்று ஐம்பத்தெட்டு வந்தது.

இன்னொரு தடவை அளக்கச் சொன்னாள். அதேதான் வந்தது. "சரிம்மா, விடு" என்று உள்ளே போய்விட்டாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு நல்ல வரன் வந்திருந்த நேரம் அது. போலீஸ் வேலையெல்லாம் வேண்டாம் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எனக்கும் பந்தோபஸ்து, ராத்திரி டூட்டி எல்லாம் பிடிக்கவில்லை. அளந்து முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மறைப்பானேன், சந்தோஷமாகவே இருந்தது.

இதில் ஒரு விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த டேப் இழுபட்டுப் போன டேப். வெட்டும் மேசையில் இருக்கிற ஸ்டீல் ஸ்கேலோடு அதை வைத்துப் பார்த்திருக்கிறேன். நூறு என்கிற கோடு அரை சென்டிமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய் நின்றது. துணி டேப் நீண்டால் கோடுகள் விலகிவிடும், ஆள் குள்ளமாகத் தெரிவாள். ரவிக்கைக்கு இது ஒன்றும் செய்யாது. அதே டேப்பால் அளந்து அதே டேப்பால் வெட்டினால் உடம்புக்குச் சரியாகத்தான் வரும். அதனால்தான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். சுவரில் பிடிக்கும்போதே எனக்கு இது தெரியும்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள். ஓடிப் பழகுகிற ஷூவைத் துடைத்து, ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கடையில் கூட வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கொடுக்கப்போகிறாளாம், அவளுக்குத்தான் உயரம் இருக்கிறதாம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டேப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சேதான் சொன்னியாம்மா?" என்று கேட்டாள்.

"பயமா இருந்துது" என்றேன். நேராகப் போய்க் கடைத்தெருவில் ஒரு இரும்பு டேப் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் எழுந்ததும் அளந்தோம். நாள் முழுக்க நின்றால் முதுகு அமுங்கி, சாயங்காலத்தில் உயரம் ஒரு சென்டிமீட்டர் வரைக்கும்கூடக் குறையும். முதல் தடவை நின்ற சுவரில் அடியில் டைல்ஸ் பட்டை துருத்திக்கொண்டிருந்தது, குதிகால் சுவரைத் தொடவே இல்லை. இந்தத் தடவை பட்டை இல்லாத இடமாகப் பார்த்து, கதவுக்குப் பின்னால் வெறும் தரையில் நிறுத்தினேன். பின்னல் தலையை முன்னால் தள்ளும் என்று அவிழ்க்கச் சொன்னேன். குதிகால், பின்புறம், தோள் எல்லாம் சுவரில் பட, முட்டி மடங்காமல் நின்றாள். மோவாயைத் தூக்காமல் நேரே பார்க்கச் சொன்னேன். சும்மா ஸ்கேலைக் கையால் பிடித்தால் சாய்ந்துவிடும். அதனால் துணி வெட்டுகிற எல் ஸ்கேலின் ஒரு கையைச் சுவரோடு ஒட்டிவைத்து, மறு கையை முடி அமுங்குகிற வரை தலையில் இறக்கினேன். அதன் அடிவிளிம்பில் கோடு. அவளை நகரச் சொல்லிவிட்டு, தரையிலிருந்து இரும்பு டேப்பை நெட்டாகப் பிடித்தேன். மூன்று தடவை நிற்கவைத்து அளந்தேன். 159.6, 159.5, 159.6. எண்ணை நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் அவளே குனிந்து டேப்பைப் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கே விண்ணப்பித்துவிட்டாள். எழுத்துத் தேர்வில் தேறி, மைதானத்துக்குப் போனாள். அங்கேயும் உயரத்தில் குறை சொல்லவில்லை. இப்போது பயிற்சியில் இருக்கிறாள். குறிஞ்சிப்பாடிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், போகட்டும்.

போன மாதம் லீவில் வந்தவள், ஒரு கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கத் துணி கொடுத்தாள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "குடும்மா, நானே எடுத்துக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே அளந்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.