பிரேக்கைப் பற்றி ஒரே ஒரு வரி

அலுவலகத்தில் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பதால் அல்ல; குத்துவாள் என்பதால். வீட்டிலும் அப்படித்தான். "குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று மாமியார் கேட்டால், "நேத்து இதே உப்பை அதிகம்னு சொன்னீங்களே" என்பாள். மாமியாருக்கு அதில் பாதி எரிச்சல், பாதி பெருமை.

விசாரணைக் குழுக்களுக்கு வாக்குமூலங்களை எழுத்தாக்கிச் சுருக்கித் தரும் அலுவலகம் அது. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அண்ணன். அலுவலகமே அவரை அண்ணன் என்றுதான் சொல்லும். அவர் அடித்ததை மென்பொருள் ஒரு பக்கமாகச் சுருக்கும். அந்தப் பக்கம் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஊசியின் வேலை. குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தைத்தான் படிப்பார்கள்.

அன்று வந்தது ஒரு பஸ் டிரைவரின் வாக்குமூலம். பஸ் சுவரில் மோதி, ஒரு பயணிக்குக் கால் முறிந்திருந்தது.

அவள் வழக்கம்போல் சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும், அது மூலத்தில் எந்த வரியிலிருந்து வந்தது என்று பென்சிலால் எண் போடத் தொடங்கினாள். முதல் வாக்கியத்துக்கே எண் கிடைக்கவில்லை. 'முந்தைய இரவு தூங்கவில்லை என்பதை ஓட்டுநர் ஒப்புக்கொண்டார்.'

மூலத்தில் இருந்தது இதுதான்: "தூக்கம் வந்துச்சான்னு கேக்குறீங்க. மத்தியான வெயில்ல யாருக்குத்தான் வராது? ஆனா நான் கண்ணு மூடல சார்."

"அடப்பாவி!" என்றாள் வாய்விட்டு. அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து வேலையைத் தலைகீழாகத் திருப்பி, மூலத்திலிருந்து தொடங்கினாள்: இதில் இருப்பதில் எது சுருக்கத்துக்குப் போகவில்லை? பக்கத்துக்குப் பக்கம் அந்த மனிதர் பிரேக்கைப் பற்றியே பேசியிருந்தார். பட்டறையில் சொன்னாராம், எழுதியும் கொடுத்தாராம், "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார்களாம். சுருக்கத்தில் அதற்குக் கடைசியில் ஒரே வரி: 'வாகனத்தின் நிலை குறித்தும் அவர் சில கருத்துகளைத் தெரிவித்தார்.'

சில கருத்துகள்! அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே எழுதினாள். 'பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் பலமுறை புகார் கொடுத்திருந்தார்.' அண்ணனிடம் நீட்டினாள்.

"நல்லா இருக்கும்மா. ஆனா அவரு பிடிக்கலன்னு சொல்லவே இல்லையே," என்றார் அண்ணன். "'மிதிச்சா லேட்டாத்தான் பிடிக்குது'ன்னுதான் சொன்னாரு. கேட்டு அடிச்சவன் நான்."

அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். அண்ணன் சொன்னதுதான் சரி. 'பலமுறை'யும் இல்லை, இரண்டு தடவை என்றுதான் இருந்தது. காது மடல் சூடாகிவிட்டது. மென்பொருளைத் திட்டிய வாயால் இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள். தான் எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, டிரைவர் சொன்ன சொல்லையே போட்டாள். அந்தப் பகுதியை மேலே ஏற்றினாள். தூக்கக் கேள்விக்குக் கேள்வியும் பதிலுமாக ஒரே வாக்கியம் கொடுத்தாள்.

மேலாளர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "தூங்கலங்கிறத எடுத்துட்டீங்க, சரி. அது தப்புதான். மத்த வரியெல்லாம் உண்மைதானே? எதுக்கு வரிசைய மாத்துறீங்க? எது முக்கியம்னு சொல்ல நாம யாரு?"

"முதல்ல மாத்தினது யாரு சார்? அந்த ஆளு மூச்சு விடாம பிரேக்கப் பத்திப் பேசியிருக்காரு. அத வாலுல கட்டித் தொங்க விட்டது நானா?"

"மத்தியானத்துக்குள்ள போகணும்மா. பழைய வரிசையிலயே கையெழுத்துப் போடுங்க. ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா?"

"போடமாட்டேன். 'மூலத்தோட ஒத்துப்போகுது'ன்னு அதுல அச்சடிச்சிருக்கு. ஒத்துப்போகல. வேணும்னா நீங்க போடுங்க."

மேலாளர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். நாளை யாராவது ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால் தன் தலை உருளும் என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி மூடினார். "உங்க பக்கத்தையே அனுப்புங்க," என்றார், அவளைப் பார்க்காமல்.

குழு பட்டறைக்காரர்களையும் விசாரணைக்குக் கூப்பிட்டது; அவர்களுடைய ஒலிப்பதிவு பிறகு இதே அலுவலகத்துக்கு வந்தபோதுதான் அது தெரிந்தது. டிரைவர் என்ன ஆனார் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பதிவையும் ஊசியிடம் கொடுக்கவில்லை. அவளைக் கடைக்காரர் சங்கக் கூட்டக் குறிப்புகளைப் பார்க்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

"நல்லதுதானே, தலைவலி விட்டுச்சு," என்றான் வீட்டில் கணவன்.

"எனக்கு விடல," என்றாள் அவள். தட்டை அவன் முன்னால் வைத்த சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.