கடைசி நாள் ஐந்தாம் தேதி

எங்கள் கட்டடத்தில் ‘ஹலோ அக்கா’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. இன்றும் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து “ஹலோ” என்றுதான் குரல் வரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பம் வேறு ஊரில் இருக்கிறது. பிறந்த நாளுக்கு ஒரு கேக் படம் அனுப்பும், அத்தோடு சரி. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை, ஒரு ஜன்னல், எந்நேரமும் சார்ஜரில் கிடக்கும் ஒரு போன். அவ்வளவுதான் அவர் குடித்தனம்.

அவர் எங்களுக்கெல்லாம் சீட்டு நடத்தினார். பன்னிரண்டு பேர், மாதம் ஆளுக்கு ஐயாயிரம். ஏலம், கழிவு எதுவும் கிடையாது. முதல் மாதச் சீட்டு, நடத்துகிறவருக்கு. மீதிப் பதினோரு பேருக்கும் ஆரம்பத்திலேயே குலுக்கிப் போட்டு வரிசை எழுதிவிட்டோம். ஒவ்வொரு மாதமும் ஆறாம் தேதி, முறை வந்தவர் கையில் முழுசாக அறுபதாயிரம் போய்ச் சேர வேண்டும். யாராவது இழுத்தடித்தால் அக்காதான் கைக்காசு போட்டு நிரப்ப வேண்டும். முதல் சீட்டை எடுத்துக்கொள்வதற்கு விலை அதுதான்.

மாதம் பிறந்ததும் வாட்ஸப் குழுவில் ஒரு ரோஜாப்பூ வரும். அதன் கீழே, “அன்பு உள்ளங்களே, எல்லாரும் நலம்தானே? வெயில் ஜாஸ்தி, தண்ணி நிறையக் குடிங்க. சீட்டு ஞாபகம் இருக்கட்டும். சௌகரியம்போல முதல் வாரத்துல போட்டுடுங்க” என்று இருக்கும். எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு, இந்த மாதம் யார் முறை, ஒரு விவரமும் இருக்காது. நான் தண்ணீர் வரி அலுவலகத்தில் பாக்கி நோட்டீஸ் எழுதுகிறவன். அந்த ரோஜாவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விவரம் வேண்டுமென்றால் போன் செய்துதான் கேட்க வேண்டும். கேட்டால் லேசில் விடமாட்டார். பேக்கரிக்காரரின் முட்டிவலி, மருந்துக்கடைக்காரரின் மகளுக்குப் பரீட்சை, என் மனைவியின் தங்கை வீட்டுச் சண்டை என்று எல்லாவற்றையும் விசாரித்த பிறகுதான் கணக்கு எண் வாயிலிருந்து உதிரும். அவரிடம் மாட்டினால் அரை மணி நேரம் போச்சு என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்த ஏழெட்டு போன்தான் அவருக்கு மாதம் முழுவதற்குமான பேச்சு. இது எனக்கு உறைத்தபோது நான் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தேன்.

ஐந்தாம் மாதம் பார்லர் நடத்தும் பெண்ணின் முறை. புதுக் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க ஆறாம் தேதிதான் கெடு. ‘சௌகரியம்போல’ என்று படித்த மூன்று பேர் சௌகரியமாகப் பத்தாம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். பதினைந்தாயிரம் துண்டு விழுந்தது. அக்கா மூச்சுக்காட்டாமல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார். மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நேராக மூன்றாம் மாடிக்குப் போய், இனி நினைவூட்டலை நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

உட்கார்ந்து எழுதினேன். “சீட்டுத் தொகை: 5,000. கடைசி நாள்: ஐந்தாம் தேதி, மாலை ஆறு மணி. இந்த மாதம் எடுப்பவர்: பேக்கரிக்காரர். கணக்கு எண் கீழே. அனுப்பியதும் ஒரு டிக் போடவும்.” ஒன்றாம் தேதி இது குழுவுக்குப் போகும். நாலாம் தேதி, கட்டாதவருக்கு மட்டும் தனியாக ஒரு வரி. நாலு பேர் முன்னால் பேரைப் போட்டு மானத்தை வாங்கக் கூடாது. அடுத்தடுத்த மாதங்களில் எடுப்பவர் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ‘நலம்தானே’ மட்டுமாவது இருக்கட்டுமே என்று அக்கா கேட்டுப் பார்த்தார். அதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் மிச்சத்தைப் படிக்காமல் விடுகிறார்கள் என்று அடித்துவிட்டேன். வீட்டில் காட்டியபோது என் மனைவி, “தண்ணிய கட் பண்ணப் போறீங்களா?” என்றாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆறாம் மாதம் நாலாம் தேதிக்குள் பதினோரு டிக்கும் விழுந்துவிட்டன. ஏழு, எட்டு, அதே கதை. அக்காவின் கைக்காசில் ஒரு பைசா இறங்கவில்லை. மூன்று மாதமாக அவரை யாரும் கூப்பிடவும் இல்லை. அதை நான் கவனிக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் வந்த செய்தியில் தொகையும் இல்லை, கடைசி நாளும் இல்லை. நடுவில் இரண்டு வரியைக் காணோம். எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பக்கூடவா தெரியாது என்று கடுகடுத்துக்கொண்டே படியேறினேன். கதவு நான் தட்டுவதற்கு முன்பே திறந்தது.

“ரெண்டு வரி விட்டுப்போச்சுக்கா.”

“விட்டுப்போகல தம்பி. நான்தான் எடுத்தேன். யாராவது ஒருத்தர் போன் பண்ணி என்னன்னு கேப்பாங்கன்னு பாத்தேன்.”

சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர்போலத் தரையைப் பார்த்தார். போனை வாங்கிப் பார்த்தேன். அதற்குள் ஏழு டிக் வந்திருந்தது. எல்லோருக்கும் பழகிவிட்டது, விவரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வரியையும் திருப்பிப் போட்டுவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் என் புத்திக்கு எட்டிய பரிகாரத்தைச் செய்தேன். டிக்கை எடுத்துவிட்டு, “பணம் அனுப்பியதும் அக்காவுக்கு போன் செய்து உறுதிப்படுத்தவும்” என்று கடைசியில் சேர்த்தேன். எட்டுப் பேர் கூப்பிட்டார்கள். ஐந்தாம் தேதி சாயங்காலம் ஆவலோடு போய் விசாரித்தேன். அக்கா போனைத் திறந்து வந்த அழைப்புகளைக் காட்டினார். பதினோரு வினாடி, ஒன்பது வினாடி, பதினாறு. பேக்கரிக்காரருடையதுதான் நீளம், இருபத்திரண்டு.

“முட்டி எப்படி இருக்குன்னு கேட்டேன். அப்புறம் பேசறேன்க்கான்னு வெச்சிட்டார்” என்றார். போனை மறுபடி சார்ஜரில் செருகினார். “அந்த வரிய எடுத்துடுங்க தம்பி. முன்னாடி அவங்களுக்கு என்கிட்ட கேக்க ஒண்ணு இருந்துச்சு. இப்ப நீங்க சொன்னதுக்காகப் பேசறாங்க.”

அவர் எதிரிலேயே அந்த வரியை அழித்தேன். நோட்டீஸ் எழுதிப் பத்தொன்பது வருடத்தில் ஒரு வரியை அழிக்க இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

பதினோராம் மாதம் ஒன்றாம் தேதி, நினைவூட்டல் பிழையில்லாமல் வந்தது. மத்தியான இடைவேளையில் ஆபீஸ் வராந்தாவுக்கு வந்து அக்காவுக்கு போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“அக்கா, இந்த மாசம் எவ்வளவு கட்டணும்?”

எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கணக்குப் பார்த்துச் சொல்பவர்போலக் கொஞ்சம் நிறுத்தி, “ஐயாயிரம் தம்பி” என்றார். பிறகு, ஆஸ்பத்திரி போர்டில் இருந்த நாளில் இருந்திருக்கும் தெளிவான குரலில், “அப்புறம், வேற?” என்று கேட்டார்.

வேறு என்ன சொல்வது என்று யோசித்தேன். எனக்கு அரை மணி நேரம் இருந்தது. அவருக்குச் சாயங்காலம் வரை இருந்தது. யாரிடமும் விவரத்தைத் தவிர வேறெதையும் பேசிப் பழகாத எனக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டிருந்தார்.